ப்ளூம் ஃபில்டர்: அந்த 1 சதவீதத்துக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: சிஸ்டம் டிசைன் சுற்றில், புதிதாகப் பதிவு செய்பவர் கேட்கும் பயனர் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதா என்று பார்க்க ப்ளூம் ஃபில்டர் வைப்பேன் என்றேன். ‘ஃபால்ஸ் பாசிட்டிவ் வந்தால்?’ என்று கேட்டார்கள். ‘1 சதவீதம்தானே, பரவாயில்லை’ என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. நான் சொன்னதில் எங்கே தவறு? இதை எங்கெல்லாம் சொல்லலாம்? (ஒரு வாசகர், வேளச்சேரி)

பதில்: நீங்கள் எடுத்த கருவியில் தவறில்லை, ‘பரவாயில்லை’ என்ற சொல்லில்தான் தவறு. யாருக்குப் பரவாயில்லை என்பதை நீங்கள் சொல்லவில்லை. இல்லாத பெயரை ஃபில்டர் தவறாக ‘இருக்கலாம்’ என்று சொல்லும் அந்த ஒரு முறையில் உங்கள் அமைப்பு அடுத்து என்ன செய்கிறது என்பதே அவர் கேட்ட கேள்வி.

முதலில் அந்தத் தவறு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். 0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்துக் கட்டங்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் தொடக்கத்தில் 0 இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு பெயரையும் இரண்டு ஹாஷ் ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கிறோம்; அவை இரண்டு கட்ட எண்களைத் தருகின்றன. ‘முருகன்’ என்ற பெயருக்கு 2, 7 வந்தால் அந்த இரு கட்டங்களையும் 1 ஆக்குகிறோம். ‘செல்வி’க்கு 4, 9 வந்தால் அவற்றையும் 1 ஆக்குகிறோம். பெயர்களை எங்கும் எழுதி வைப்பதில்லை. இப்போது ஒருவர் ‘வள்ளி’ என்ற பெயரைக் கேட்கிறார். அதற்கு 2, 5 வருகின்றன. ஐந்தாம் கட்டம் இன்னும் 0. வள்ளியை முன்பே சேர்த்திருந்தால் அது 1 ஆகியிருக்க வேண்டும். ஆகவே அந்தப் பெயர் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அடுத்து வருபவர் ‘கபிலன்’ கேட்கிறார். அதற்கு 4, 7 வருகின்றன. இரண்டும் 1. ஆனால் ஒன்றைச் செல்வி இட்டார், மற்றதை முருகன் இட்டார். கபிலன் என்று ஒருவர் இந்தப் பக்கமே வந்ததில்லை. ஃபில்டருக்கு அது தெரியாது, ‘இருக்கலாம்’ என்கிறது. ஃபால்ஸ் பாசிட்டிவ் என்பது இவ்வளவுதான்: வேறு இருவர் விட்டுச் சென்ற தடங்கள் சேர்ந்து மூன்றாம் ஆளைப்போலத் தோற்றம் தருகின்றன.

இனி உங்கள் கேள்விக்கே வருவோம். 10 கோடிப் பயனர் பெயர்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். தவறு 1 சதவீதத்தில் நிற்க வேண்டுமானால் ஒரு பெயருக்கு 9.6 பிட் அளவு இடமும் 7 ஹாஷ்களும் தேவை. 10 கோடிக்கு 96 கோடி பிட், அதாவது 120 எம்பி. அதே பெயர்களை நினைவகத்தில் முழுதாக வைத்தால், ஒன்றுக்கு 50 பைட் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் 5 ஜிபி ஆகும். இந்த வேறுபாட்டுக்காகத்தான் கொஞ்சம் தவறைப் பொறுத்துக்கொள்கிறோம்.

அடுத்த படி இரண்டு விதமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றதையே நம்பி ‘இந்தப் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது’ என்று திரையில் காட்டினால், உண்மையில் காலியாக உள்ள பெயர்களில் நூற்றில் ஒன்றை யாருக்கும் தராமல் மறுக்கிறீர்கள். அந்தப் பெயரை எத்தனை முறை கேட்டாலும் அதே மறுப்புதான் வரும், ஏனென்றால் 1 ஆன கட்டங்கள் மீண்டும் 0 ஆவதில்லை. ‘இருக்கலாம்’ என்று வந்தால் மட்டும் டேட்டாபேஸில் ஒருமுறை தேடிப் பார்த்தால், பயனருக்கு எந்த இழப்பும் இல்லை; ஒரு வீண் தேடல் மட்டுமே செலவு. காலியான பெயர்களை ஒரு லட்சம் முறை கேட்டால், ஃபில்டர் இல்லாதபோது ஒரு லட்சம் தேடல்கள். ஃபில்டர் இருந்தால் ஏறத்தாழ ஆயிரம். நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். பெயர் மறுக்கப்படுவதே பரவாயில்லை என்று கருதும் தளங்களும் உண்டு, வேறு பெயரைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அதையும் தெரிந்தே எடுக்கும் முடிவாகச் சொன்னால் ஏற்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பயிற்சி மையங்களில் படித்தவர்கள் அதில் தவறாமல் விழுகிறார்கள். 1 சதவீதம் என்பது எல்லாத் தேடல்களிலும் 1 சதவீதம் அன்று. உண்மையில் இல்லாத பெயர்களைத் தேடும்போது மட்டும் நூற்றில் ஒன்று. இருக்கும் பெயருக்கு ஃபில்டர் எப்போதும் ‘இருக்கலாம்’ என்றே சொல்லும், நீங்கள் எப்போதும் டேட்டாபேஸுக்குப் போயாக வேண்டும். பதிவுப் பக்கத்தில் நூறு பேர் கேட்கும் பெயர்களில் 70 காலியாக இருந்தால், 70 தேடல்களுக்குப் பதிலாக ஒன்றுக்கும் குறைவான தேடலே மிஞ்சும். மீதி 30 எப்படியும் நடக்கும். இதே ஃபில்டரை லாகின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வருபவர்களில் 97 பேர் உண்மையான பயனர்கள். ஃபில்டர் தடுப்பது மூன்று தேடல்களைக்கூட அன்று. கடவுச்சொல்லைச் சரிபார்க்க அந்த 97 பேரின் பதிவையும் எடுத்தே ஆக வேண்டும். ‘இல்லை’ என்ற விடை அடிக்கடி வரும் இடத்தில்தான் இந்தக் கருவிக்கு வேலை.

ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னிடம் லாகினுக்கு ப்ளூம் ஃபில்டர் வைப்பேன் என்று, ஒரே வாக்கியத்தில், ஒரே உவமையோடு சொன்னார்கள். விசாரித்தால், மூவரும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரே மையத்தில் பணம் கட்டி, ஒரே ‘மாதிரி விடைக் கோப்பை’ வாங்கியவர்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் இடைத்தரகரிடம் அந்தக் கோப்பை வாங்காதீர்கள். அதில் எந்தப் பெட்டியை எங்கே வரைவது என்பது இருக்கும், ஏன் என்பது இருக்காது. குற்றம் அவர்கள் பக்கம் மட்டும் இல்லை. கேள்வி கேட்பவர்களில் சிலர் கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, கேஷ், கியூ, ப்ளூம் ஃபில்டர் என்ற சொற்கள் விழுந்தனவா என்று குறித்துக்கொண்டு மதிப்பெண் போடுகிறார்கள். சொல் விழுந்தால் மதிப்பெண் என்ற இந்த ஏற்பாடுதான் அந்தக் கோப்பை விற்கவைக்கிறது. உங்களை மேலும் கேட்டவர் அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதற்காக நீங்கள் மகிழலாம்.

‘இல்லை என்றால் உறுதி’ என்றேன். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை நான் கொஞ்சம் நீட்டியே சொல்லப் போகிறேன், ஏனென்றால் நன்றாகப் பேசுகிறவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பெயரும் நீங்கள் கேட்கும் அதே ஃபில்டரில் பதிந்திருந்தால்தான் அந்த உறுதி நிற்கும். உங்களிடம் எட்டு சர்வர்கள் இருந்து, ஒவ்வொன்றும் தன் நினைவகத்தில் ஃபில்டரின் ஒரு நகலை வைத்து, அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது என்று வையுங்கள். மூன்றாம் சர்வர் வழியாக ஒருவர் kavin92 என்ற பெயரை எடுத்த இரண்டாம் நிமிடத்தில், ஆறாம் சர்வருக்கு வரும் இன்னொருவர் அதே பெயரைக் கேட்கிறார். ஆறாம் சர்வரின் நகலில் அந்தக் கட்டங்கள் இன்னும் 0. அது ‘இல்லை’ என்று முழு உறுதியோடு சொல்லும், அது பொய். கணிதம் தவறவில்லை, நகல் பழையது. ஒருவர் Kavin92 என்று பெரிய எழுத்தில் பதிய, மற்றவர் சிறிய எழுத்தில் கேட்டாலும் இதுவே நடக்கும். ஹாஷ் செய்யும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாவிட்டால், ஃபில்டருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஆகவே பெயரை இறுதியாகப் பதியும் கணத்தில் காவல் நிற்க வேண்டியது டேட்டாபேஸில் உள்ள யூனிக் கட்டுப்பாடுதான். ஒரே நொடியில் இருவர் முயன்றால் ஒருவர் தோற்பார், அவருக்குப் பிழைச் செய்தி போகும். பதிவுப் பக்கத்தில் ஃபில்டர் விரைவான முன்விடை தருகிறது. தீர்ப்பை அது எழுதுவதில்லை.

இன்னொன்று, கொள்ளளவு. 10 கோடிக்கு என்று அமைத்த ஃபில்டரில் 20 கோடிப் பெயர்கள் சேர்ந்தால் தவறு 2 சதவீதம் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறத்தாழ 16 சதவீதம் ஆகும். 30 கோடியில் 44 சதவீதத்தை நெருங்கும். எந்த எச்சரிக்கையும் வராது, எதுவும் உடையாது. டேட்டாபேஸுக்குப் போகும் தேடல்கள் மட்டும் மாதாமாதம் கூடிக்கொண்டே போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, ‘இருக்கலாம்’ என்று வந்து டேட்டாபேஸில் ‘இல்லை’ என்று முடிந்த தேடல்களை எண்ணி, காலியான பெயர்களுக்கான மொத்தத் தேடல்களோடு ஒப்பிடுவது. பெயரை நீக்கவும் இதில் வழியில்லை: முருகனின் இரண்டாம் கட்டத்தை 0 ஆக்கினால், அதே கட்டத்தைப் பகிர்ந்த வேறொருவரையும் அழித்துவிடுவீர்கள். இரண்டுக்கும் தீர்வு, பெரிய அளவில் புதிதாகக் கட்டி மாற்றுவதுதான்.

வேறு எங்கே சொல்லலாம் என்று கேட்டீர்கள். பர்ட்டன் புளூம் 1970இல் இதை முதலில் எழுதியபோது காட்டிய உதாரணமே நல்ல வழிகாட்டி. வரி முடிவில் ஆங்கிலச் சொற்களை உடைக்கும் நிரலில், பத்தில் ஒன்பது சொற்கள் எளிய விதிகளுக்குள் அடங்கிவிடும், மீதிக்கு மட்டும் வட்டில் உள்ள அகராதியைப் பார்க்க வேண்டும். அகராதி தேவையா என்பதை நினைவகத்தில் உள்ள ஃபில்டர் சொல்லும். தவறினால் வட்டை வீணாக ஒருமுறை படித்ததோடு சரி. கசாண்ட்ரா போன்ற டேட்டாபேஸ்கள் இன்றும் இதையே செய்கின்றன. தரவு பல கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரு வரிசையைத் தேடும்போது எல்லாக் கோப்புகளையும் திறக்காமல், ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள ஃபில்டரைக் கேட்டு, ‘இல்லை’ என்றவற்றைத் தாண்டிவிடுகிறார்கள். எழுதி முடித்த கோப்பு பிறகு மாறுவதில்லை என்பதால், நகல் பழையதாகும் தொல்லையும் கொள்ளளவு மீறும் தொல்லையும் அங்கே இல்லை. நேர்முகத் தேர்வில் சொல்வதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

‘ஏன் 1 சதவீதம்?’ என்று அடுத்து கேட்பார்கள். தவறைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க ஒரு பெயருக்கு இன்னும் 4.8 பிட் வேண்டும். உங்கள் 10 கோடிக்கு 120 எம்பி 180 எம்பி ஆகும். அந்த 60 எம்பியைக் கொடுப்பது, வீண் தேடல் ஒவ்வொன்றும் எவ்வளவு விலை பெறும் என்பதைப் பொறுத்தது. கசாண்ட்ராவில் இதற்கான bloom_filter_fp_chance என்ற அமைப்பு வழக்கமாக 0.01, ஆனால் கோப்புகளை அடுக்கடுக்காக ஒன்றிணைத்து வைக்கும் லெவல்ட் கம்பாக்‌ஷனில் 0.1, அதாவது 10 சதவீதம். அந்த முறையில் ஒரு தேடலுக்குத் திறந்து பார்க்க வேண்டிய கோப்புகளே குறைவு என்பதால், அங்கே நினைவகத்தை மிச்சப்படுத்துவது மேல் என்று கணக்கிட்டு அப்படி வைத்திருக்கிறார்கள்.