லேப் ரிப்போர்ட் போதுமா?

"தெரிந்த விவசாயியிடம் கடலை வாங்கி, செக்கில் ஆட்டி விற்கிறேன். பூச்சிமருந்து இல்லை என்று லேப் ரிப்போர்ட் இருக்கிறது. 'ஆர்கானிக்' என்று போடலாமா?"

போடாதீர்கள். அந்த ரிப்போர்ட் நீங்கள் அனுப்பிய பாட்டிலுக்குத்தான் சாட்சி; கடலை எப்படி விளைந்தது என்று அது சொல்லாது. இந்தியாவில் ஆர்கானிக் என்று விற்க, மத்திய அரசின் இயற்கை உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி. சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். சான்றோ வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சத்தைத் தாண்டாத சிறு விவசாயி தானே நேரடியாக விற்றால் விலக்கு உண்டு. நீங்கள் வாங்கி விற்பவர், அது பொருந்தாது. அப்புறம், விவசாயிக்குச் சான்று இருந்தாலும் ஆட்டும் செக்கும் அதற்குள் வர வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இப்போதைக்கு, "இந்த பேட்ச், இந்தத் தேதி, சோதித்த பூச்சிமருந்துகள் கண்டறியப்படவில்லை" என்று ரிப்போர்ட் படத்தோடு போடுங்கள். அடுத்த பேட்சுக்குப் பழைய ரிப்போர்ட்டை ஒட்ட வேண்டாம்.