அந்த அரை மணி நேரம் யாருடையது?

நானும் என் தம்பியும் ஒரே பட்டறையில் லேத் ஓட்டுகிறோம். எட்டு மணி நேரத்துக்கு 80 பீஸ் இலக்கு. தொட்டால் பீஸுக்கு 12 ரூபாய், குறைந்தால் 8 ரூபாய். நான் தினமும் 84 போடுகிறேன், அவன் 76-இல் நிற்கிறான். கூலியில் நாளுக்கு 400 ரூபாய் வித்தியாசம். காலையில் என் மெஷினுக்குச் சரக்கு போட்ட பிறகுதான் அவனுக்கு வரும், அரை மணி நேரம் பீடி வலித்துக்கொண்டு நிற்பான். வீட்டுச் செலவில் சரிபாதி கொடு என்றால் அம்மா அவனுக்குப் பரிந்து பேசுகிறார். இந்தச் சோம்பேறியை எப்படித் திருத்துவது?

பீடியைப் பார்த்த கண்ணுக்குச் சரக்கு வராதது தெரியவில்லை பாருங்கள். அவன் வலிப்பதால் மெஷின் நிற்கவில்லை, மெஷின் நிற்பதால் வலிக்கிறான். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

கணக்குப் போடலாம். உங்கள் தம்பி 76 பீஸை எட்டு மணி நேரத்தில் போடவில்லை, ஏழரை மணி நேரத்தில் போடுகிறான். மணிக்குப் பத்துக்குக் கொஞ்சம் மேலே. இலக்கு கேட்பதே மணிக்குப் பத்துதான். அந்த அரை மணி நேரமும் மெஷின் ஓடினால் 81 வரும், கூலி 972 ரூபாய். இப்போது வாங்குவது 608. ஐந்து பீஸ் குறைந்ததற்கு 364 ரூபாய் போகிறது.

ஐந்து பீஸுக்கு இவ்வளவா என்றால், ஆம். இந்த முறையில் கூடுதல் வீதம் இலக்குக்கு மேலே போட்ட பீஸுக்கு மட்டும் இல்லை, அன்றைய மொத்த பீஸுக்கும் கிடைக்கிறது. இலக்கில் ஒன்று குறைந்தாலும் மொத்தமும் கீழ் வீதத்துக்கு இறங்கிவிடும். 79 போட்டவனுக்கு 632, 80 போட்டவனுக்கு 960. ஒரே ஒரு பீஸின் விலை 328 ரூபாய்! மாடிப்படி மாதிரி இல்லை இது, கிணற்றுச் சுவர் மாதிரி. ரிஜெக்ட் ஆகும் பீஸ் கணக்கில் வராத இடமாக இருந்தால் உங்கள் 84-உம் அப்படியொன்றும் பத்திரமில்லை, ஐந்து பீஸ் கழிந்தால் நீங்களும் சுவருக்கு இந்தப் பக்கம்தான்.

இந்த இரட்டை வீதத்தை எஃப். டபிள்யூ. டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1895-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். கறாரான மனிதர், இலக்கைத் தொடாதவனிடம் அவருக்கு இரக்கமே கிடையாது. அவர்கூட வேலையை நேரம் பிடித்து அளக்க வேண்டும், மெஷினும் சாமான்களும் தயாராக இருக்கும்படி நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னார். சரக்கு தாமதமானால் அது தொழிலாளியின் குற்றம் ஆகாது. உங்கள் பட்டறையில் இலக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

சூப்பர்வைசரிடம் போவது மூத்தவர் உங்கள் வேலை. பத்து நாளைக்குச் சரக்கு வந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள், அன்றன்றைக்கே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மெஷின் நின்ற நேரத்தை இலக்கிலிருந்து கழிக்க வேண்டும். ஏழரை மணி நேரத்துக்கு இலக்கு 75. தம்பி 76 போட்டிருக்கிறான், 12 வீதம் 912 ரூபாய். சும்மா நின்ற நேரத்துக்குக் கூலி கேட்பது தனிப் பேச்சு, அதையும் கேட்கலாம். ஆனால் இது முதலில்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் நடுவில் ஒரு படி வைக்கச் சொல்லுங்கள். மெரிக் முறை என்று பெயர். சாதாரண வீதம் பத்து ரூபாய் என்று வைத்தால், இலக்கில் 83 சதவீதம் வரை பத்து, அதற்கு மேல் இலக்கு வரை பதினொன்று, இலக்கைத் தாண்டினால் பன்னிரண்டு. 76 பீஸ் என்பது இலக்கில் 95 சதவீதம், அதனால் 836 ரூபாய். உங்களுக்கு அதே 1008. தம்பி ஏறுவதால் உங்களுக்கு ஒரு பைசா குறையாது.

சரிபாதி விஷயம். ஒரே வீட்டில் சாப்பிடும் தம்பியைக் கூலிச்சீட்டை வைத்து எடைபோடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அம்மா பரிந்து பேசியதில் தப்பே இல்லை. உங்களுக்கு 1008 வருவது கைத்திறனால் மட்டும் என்று நினைத்தால், ஒரே ஒரு நாள் சரக்கை முதலில் அவன் மெஷினுக்குப் போடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் நீங்கள் நில்லுங்கள். உங்கள் வேகத்துக்கு 78 பீஸ் வரும், 8 வீதம் 624 ரூபாய். அந்தச் சீட்டை அன்று ராத்திரி அம்மா கையில் கொடுத்துவிட்டு, சோம்பேறி யார் என்று அவரிடமே கேளுங்கள்.