மார்பகத்தை அகற்றிய பின் கணவர் முன் உடை மாற்றுவது

கேள்வி: கணவர் அன்பானவர்தான். ஆனாலும் மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் முன் உடை மாற்றக்கூட என்னால் முடியவில்லை. இந்தக் கூச்சம் போகுமா?

எனக்கு இடது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றினார்கள். உங்களுக்கும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணி எழுதுகிறேன். படுக்கையறை விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். யாரும் எழுதாததால்தான் நான் தனியாகத் தவித்தேன்.

என் விஷயத்தில் கூச்சம் விலகுவது படுக்கையறையில் தொடங்கவே இல்லை. அக்குளுக்குக் கீழே, காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் ஒரு டிரெயின் குழாயுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் குப்பியில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து எழுத வேண்டும். ஒரு நாள் அளவு 30 மில்லிக்குக் கீழே இறங்கி, மறுநாளும் அப்படியே இருந்தால் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். இடது கையை உயர்த்த முடியாத நிலையில் அந்த வேலையைக் கணவர்தான் செய்தார். குப்பியையும் குறிப்பேட்டையும் கவனித்துக்கொண்டிருந்தபோதே அவர் தழும்பையும் பார்த்துவிட்டார். அழகா இல்லையா என்ற கேள்வி அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் எழவில்லை. ஆனால் நான் அதற்கு முன்பே கண்ணாடியில் தனியாகப் பார்த்து, அழுது முடித்திருந்தேன். அந்த முதல் பார்வை உங்களுடையதாக இருப்பது நல்லது.

மருத்துவமனையில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவரை வெளியே போகச் சொன்னார்கள். மாத்திரைகளைப் பற்றி அவ்வளவு விளக்கியவர்கள், விருப்பமிருந்தால் கணவரும் உடனிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

புண் ஆறிய பிறகு வேறொரு சிக்கல் வந்தது. அவர் கை தழும்பருகே வந்ததும் விலகிக்கொண்டது. கேட்டபோது, "உனக்கு வலிக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்றார். அறுவையின்போது நரம்புகள் வெட்டுப்படுவதால் நெஞ்சின் தோலும் மேற்கையின் உட்புறமும் பலருக்கு மரத்துப்போகின்றன. தழும்பின் ஓரம் மட்டும் சுரீரென்று கூசுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. எனவே அவர் விரலைப் பிடித்து, இங்கே உணர்வில்லை, இங்கே கூசுகிறது, இங்கே நன்றாக இருக்கிறது என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினேன். பிறகு மருத்துவரின் அனுமதியுடன் தழும்பில் தேங்காய் எண்ணெய் நீவிவிடுவதை அவரிடமே விட்டேன். கதிர்வீச்சு நடக்கும் காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். தழும்பு சிவந்து சூடானாலோ, கை வீங்கினாலோ உடனே காட்டுங்கள்.

தழும்பின் சிவப்பு மங்க ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றும் சில இரவுகளில் நான் ரவிக்கையைக் கழற்றுவதில்லை. அவரும் ஏன் என்று கேட்பதில்லை.