146 செ.மீ. உயரமுள்ள பிள்ளை எங்கே?

கேள்வி: ஐயா, காங்கேயம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றுக்கும் பிள்ளைகள் விடை எழுதிவிடுகிறார்கள். ஆனால், "இந்த எண் எதைச் சொல்கிறது?" என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது. அவர்களுடைய உயரங்களையே அளந்து, புள்ளிப்படம் போட்டு நடத்தலாமா? எங்கிருந்து தொடங்குவது? (ஓர் ஆசிரியை)

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, தாராளமாக நடத்தலாம். அளப்பதிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் பிள்ளைகளை உயர வரிசையில் நிற்க வைத்து அளக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் அப்படித்தான் செய்தேன். வரிசையின் கடைசியில் நின்ற பையன் அதன்பின் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து வகுப்பறையின் ஒரு மூலையில் ஒவ்வொருவராக அளந்து, பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் உயரத்தை மட்டும் குறித்து, ஒரு டப்பாவில் போடச் சொல்லிவந்தேன். படத்தில் ஒட்டப்படும் புள்ளி யாருடையது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

தையற்காரர் டேப் 150 செ.மீ. அளவிலேயே முடிந்துவிடும் என்பதால், சுவரில் தரையிலிருந்து சரியாக 100 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டு, டேப்பின் தொடக்கத்தை அந்தக் கோட்டில் ஒட்டி, படிக்கும் அளவோடு 100 கூட்டிக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரைத் தொட நிற்கும் பிள்ளையின் தலைமேல் கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, அதன் அடிவிளிம்பு தொடும் இடத்தைப் படிக்க வேண்டும். அரை செ.மீ. வந்தால் மேலே எடுப்பதா கீழே எடுப்பதா என்பதை முன்கூட்டியே வகுப்பில் முடிவு செய்துவிடுங்கள். இந்த முடிவு முகட்டைப் பற்றிப் பேசும்போது திரும்பி வரும்.

டப்பாவிலிருந்து இந்த 15 சீட்டுகள் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏறுவரிசையில் எழுதினால் அவை 136, 139, 141, 143, 143, 143, 144, 145, 147, 147, 148, 150, 151, 154, 159 ஆகும். பிள்ளைகளிடம் இந்த வரிசையைக் கொடுக்க வேண்டாம். கலைந்த சீட்டுகளையே கொடுங்கள். படம் தானாகவே அவற்றை வரிசைப்படுத்தும்.

படத்துக்குக் கட்டம் போட்ட நோட்டும் ஒரு பாக்கெட் ஸ்டிக்கர் பொட்டும் போதும். பேனாவால் புள்ளி வைத்தால் ஒருவர் வைப்பது பெரிதாகவும் இன்னொருவர் வைப்பது சிறிதாகவும் அமைந்து, மூன்று புள்ளிக் கோபுரம் நான்கு புள்ளிக் கோபுரத்தைவிட உயரமாகத் தெரியும். ஒரே அளவுப் பொட்டில் அந்தத் தொல்லை இல்லை. கீழே ஒரு கோடு போட்டு, 135 முதல் 160 வரை கட்டத்துக்கு ஒரு செ.மீ. என்று எண்ணிட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு பொட்டாக அந்தந்த எண்ணுக்கு மேல் ஒட்ட வேண்டும். ஒரே எண் மீண்டும் வந்தால் முதல் பொட்டின் தலைமேல் அடுத்தது.

இங்கேதான் முதல் தவறு நிகழும். பாதிப் பிள்ளைகள் சீட்டில் வந்த எண்களை மட்டும் கோட்டில் வரிசையாக எழுதுவார்கள். 154-க்கு அடுத்த கட்டத்தில் 159 வந்து உட்கார்ந்திருக்கும். கேட்டால், "நடுவுல யாருமே இல்லீங்களே சார், அதுக்கு எதுக்குங்க கட்டம்?" என்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதை மழுப்பாமல், அந்த நான்கு வெற்றுக் கட்டங்களைப் பற்றியே சிறிது நேரம் பேசுங்கள். மிக உயரமான பிள்ளை மற்றவர்களிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைச் சொல்வது அந்த வெற்றிடம்தான். அதை மூடிவிட்டால் பின்னால் கூட்டுச் சராசரியைப் படத்தில் காட்டவே முடியாது.

படம் முடிந்ததும் இடைநிலை அளவை எடுங்கள். இடது ஆள்காட்டி விரலை இடக்கோடிப் பொட்டிலும் வலது விரலை வலக்கோடிப் பொட்டிலும் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு பொட்டாக உள்நோக்கி நகர்த்தச் சொல்லுங்கள். 143-இல் மூன்று பொட்டு இருப்பதால் இடது விரல் அங்கே மூன்று முறை நின்றுதான் வர வேண்டும். இரண்டு பக்கமும் ஏழேழு பொட்டுகள் தீர்ந்ததும் 145-இல் ஒன்று மட்டும் மிஞ்சும். அதுதான் இடைநிலை அளவு. கோபுரத்தை ஒரே தாவலில் கடந்த பிள்ளைக்கு 146 வரும். பொட்டுகளை விட்டுவிட்டுக் கோட்டின் நடுவைப் பார்த்த பிள்ளைக்கு, 136-க்கும் 159-க்கும் பாதியான 147.5 வரும். விடையைப் பார்த்தே எந்தப் பிள்ளை எங்கே வழுக்கியது என்று நீங்கள் கண்டுகொள்ளலாம். திருத்துவதற்கு ஒரே கேள்வி போதும்: "நீ சொன்ன இடத்துக்கு இடப்பக்கம் எத்தனை பொட்டு, வலப்பக்கம் எத்தனை பொட்டு?"

அடுத்து கூட்டுச் சராசரி. இதற்குத்தான் ஒரு முழு வகுப்பை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கூட்டி வகுக்கும் சூத்திரத்தை முதலில் சொல்லாதீர்கள். எல்லாப் பொட்டுகளும் ஒரே எடையுள்ளவை, கீழே இருக்கும் கோடு ஒரு பலகை என்று நினைத்துக்கொள்ளச் சொல்லி, பலகை சாயாமல் நிற்க எந்த எண்ணுக்கு அடியில் முட்டுக் கொடுப்பது என்று கேளுங்கள். யாராவது ஒருவர் 145 என்பார். இப்போதுதான் அதை நடு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள் அல்லவா? அதையே சோதித்துப் பாருங்கள். 145-இலிருந்து ஒவ்வொரு பொட்டும் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று எண்ண வேண்டும். இடப்பக்கம் 9, 6, 4, 2, 2, 2, 1, கூட்டினால் 26. வலப்பக்கம் 2, 2, 3, 5, 6, 9, 14, கூட்டினால் 41. இரண்டு பக்கமும் ஏழேழு பேர்தான், ஆனாலும் பலகை வலப்பக்கம் சாய்கிறது. காரணம் எது என்று கேட்டால், 159-இல் தனியாக நிற்கும் பொட்டைப் பிள்ளைகளே காட்டுவார்கள்.

மிகுதி 41 கழித்தல் 26, அதாவது 15 கட்டங்கள். அந்த மிகுதியை 15 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு கட்டம். ஆகவே முட்டினை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தி 146-க்கு அடியில் வைக்க வேண்டும். மறுபடி எண்ணச் சொல்லுங்கள்: இடப்பக்கம் 10, 7, 5, 3, 3, 3, 2, 1; வலப்பக்கம் 1, 1, 2, 4, 5, 8, 13. இரண்டும் 34. பலகை நிற்கிறது. இதன் பிறகு 15 உயரங்களையும் கூட்டி 2190 என்றும், அதை 15-ஆல் வகுத்து 146 என்றும் காட்டினால், அந்த வகுத்தல் எதற்காக என்று பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும். மேல்வகுப்பில் ஊகச் சராசரி முறை என்ற பெயரில் அவர்கள் படிக்கப்போவதும் இதையேதான்.

இந்த இடத்தில் நிறுத்தி, "146 செ.மீ. உயரமுள்ள பிள்ளை யார்?" என்று கேளுங்கள். அந்த எண்ணுக்கு மேல் ஒரு பொட்டுக்கூட இல்லை. சராசரி என்பது வகுப்பில் யாரோ ஒருவருடைய உயரம் என்று நினைத்திருந்த பிள்ளைகளின் முகம் மாறுவதை நீங்கள் பார்ப்பீர்கள். அதோடு சராசரிக்குக் கீழே எட்டுப் பேரும் மேலே ஏழு பேரும் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிக் காட்டுங்கள். சமமாவது தூரமே தவிர, தலைகளின் எண்ணிக்கை அன்று.

ஒரு தவறில் மட்டும் கவனமாக இருங்கள். சில பிள்ளைகள் கோபுரம் இருக்கும் எண்ணை ஒரே ஒரு முறை மட்டும் கூட்டி, 1757-ஐ 12-ஆல் வகுத்து 146.4 என்று எழுதுவார்கள். சரியான விடைக்கு மிக அருகில் இருப்பதால் வகுத்தலில் ஏதோ சிறு பிழை என்று நீங்களும் கடந்துவிடக்கூடும். எத்தனையால் வகுத்தாய் என்று பாருங்கள். பொட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்திருக்க வேண்டும்.

முகட்டுக்கு நேரம் அதிகம் வேண்டாம். ஓட்டு வீட்டின் முகட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே பாதி விளக்கம். மிக உயர்ந்த கோபுரம் நிற்கும் 143-ஐ உடனே காட்டிவிடுவார்கள். ஆனால் உயரத்தைப் பொறுத்தவரை முகட்டை நம்ப முடியாது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். 143-இல் உள்ள ஒரு பொட்டை எடுத்து 144-இல் ஒட்டுங்கள், அரை செ.மீ. அளவை மேலே எடுத்திருந்தால் அது அங்கேதான் போயிருக்கும். இப்போது 143, 144, 147 மூன்றிலும் இரண்டிரண்டு பொட்டுகள், ஆக மூன்று முகடுகள். இடைநிலை அளவோ 145-ஐ விட்டு அசையவில்லை. கூட்டுச் சராசரியும் கட்டத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான் நகர்ந்தது. ஐந்தைந்து செ.மீ. ஆகச் சேர்த்துப் பார்த்தால் 140 முதல் 144 வரையுள்ள பிரிவில் ஐந்து பேர் இருக்கிறார்கள், அதுதான் கூட்டமான இடம் என்று சொல்வது இங்கே பொருத்தமாக இருக்கும். முகடு பயன்படும் இடத்தைக் காட்டத் திருப்பூர் போதும். பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் பெற்றோர் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். 80, 85, 90 என்ற அளவுகளில் பனியன் விற்கும் கடைக்காரருக்குச் சராசரி 86.3 என்று சொன்னால் அவரால் எதையும் வாங்கி வைக்க முடியாது. எந்த அளவு அதிகம் விற்கிறது என்பதே அவருக்குத் தேவை.

மூன்றையும் முடித்தபின், மறுநாள், நோட்டைத் தொடாமல் ஒரு கேள்விக்கு விடை சொல்லச் சொல்லுங்கள். உங்கள் உயரம் 162 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, பதினாறாவது பொட்டாக உங்களையும் படத்தில் சேருங்கள். எது நகரும், எது நகராது? விரல்களை உள்நோக்கி நகர்த்தினால் இம்முறை 145, 147 என்று இரண்டு பொட்டுகள் மிஞ்சும். அவற்றின் நடுவான 146 புதிய இடைநிலை அளவு. கூட்டுச் சராசரி 147 ஆகும். முகடு அப்படியே 143. இப்போது உங்கள் பொட்டை எடுத்துவிட்டு, 178 செ.மீ. உயரமுள்ள உடற்கல்வி ஆசிரியர் ஒருவரைச் சேர்ப்பதாகச் சொல்லுங்கள். கோட்டை 180 வரை நீட்ட வேண்டியிருக்கும். கூட்டுச் சராசரி 148-க்குப் போய்விடும்; இடைநிலை அளவு அதே 146-இல்தான் நிற்கும், ஏனென்றால் வலது விரலுக்குக் கடைசிப் பொட்டு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அது ஒரு பொட்டுதான். இந்தக் காரணத்தை ஒரு பிள்ளை தன் சொந்தச் சொற்களில் சொல்லிவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். சொல்லாவிட்டால் மறுபடியும் விரல்களைப் படத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள்.