டியூரேஷன், கான்வெக்ஸிட்டி: எந்த பாண்டுக்கு எது?

"மாடிஃபைடு டியூரேஷன் எப்போ, எஃபெக்டிவ் டியூரேஷன் எப்போ போடணும்? கான்வெக்ஸிட்டி சேர்க்கலன்னா தப்பாயிடுமா?"

பாண்டிச்சேரில நம்ம ஸ்டடி குரூப்புக்கு எழுதுன நோட்டுல இருந்தே சொல்றேங்க. முதல்ல பாண்டோட கேஷ்ஃப்ளோ வட்டி மாறினா மாறுமான்னு பாருங்க, மாறாதுன்னா மாடிஃபைடு போதும்.

10 வருஷம், 7% கூப்பன், வருஷத்துக்கு ஒருமுறை, யீல்டும் 7%னா விலை 100, மாடிஃபைடு டியூரேஷன் 7.02, அதாவது யீல்டு 1% மாறினா விலை சுமார் 7.02% எதிர்ப்பக்கம் மாறும். யீல்டு 8% ஆனா டியூரேஷன் மட்டும் வச்சு 7.02% இறங்கும்னு வரும், ஆனா நிஜ விலை 93.29, அதாவது 6.71% தான் இறக்கம். அந்த இடைவெளிய, விலை-யீல்டு கோட்டோட வளைவ அளக்கற கான்வெக்ஸிட்டி (இங்க சுமார் 65) அடைக்குது:

```
%ΔP ≈ −ModDur×Δy + ½×C×(Δy)²
    = −7.02% + 0.33% ≈ −6.7%
```

யீல்டு மாற்றமான Δy-ய 0.01னு போடுங்க, 1னு போட்டா விடை எங்கயோ போயிடும். 0.1% மாதிரி சின்ன மாற்றத்துக்கு இந்த ரெண்டாவது பகுதி கண்ணுக்கே தெரியாது, விட்டுடலாம்.

காலபிள் பாண்டுன்னா கதை வேற, வட்டி இறங்கினா கம்பெனி முன்னாடியே திருப்பிக் கொடுத்துடும்ங்கறதால விலை கால் விலைகிட்ட முட்டி நின்னுடும், மாடிஃபைடு போட்டா ஏற்றத்த அதிகமா காட்டும். அங்க எஃபெக்டிவ் டியூரேஷன் தான்: யீல்டு கர்வையே ΔCurve அளவு மேல கீழ நகர்த்தி, ஆப்ஷன் மாடல்ல கீழ இறக்கினா வர்ற விலை PV₋, மேல ஏத்தினா வர்ற விலை PV₊ ரெண்டையும் எடுத்து, இப்போதைய விலை PV₀-வோட இதுல போடுங்க:

```
EffDur = (PV₋ − PV₊) / (2 × ΔCurve × PV₀)
```