நாலு அங்குலச் சுவரில் கண்ணாடி அலுமாரி: கேள்வி பதில்

கல்லடியிலிருந்து ஒரு சகோதரி: குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நாலு அங்குலக் கல் சுவர். பேசினுக்கு மேலே கண்ணாடி அலுமாரியைச் சுவருக்குள் புதைக்க ஆசை. மேசன் மூன்று அங்குலம் கொத்தித் தருகிறேன் என்கிறார். விடலாமா அண்ணா?

விட வேண்டாம் தங்கச்சி. நாலு அங்குலக் கல்லில் மூன்று அங்குலத்தை எடுத்துவிட்டால் பின்னால் மிஞ்சுவது ஒரு அங்குல ஓடு மட்டும்தான். கொத்தும்போதே அது படுக்கையறைப் பக்கம் உடைந்து விழும். அன்று விழாமல் நின்றாலும் சில மாதங்களில் அந்தப் பக்கத்துப் பூச்சில் சதுரமாக விரிசல் தெரியும். இவ்வளவு மெல்லிய சுவரில் பாதிவழிப் புதைப்புக்கு இடமில்லை என்பதுதான் என் கருத்து. ஒன்று முழுவதும் திறந்து முதுகைப் புதிதாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் அலுமாரியைச் சுவரின் மேலேயே மாட்ட வேண்டும்.

முழுவதும் திறப்பது பயப்படும் வேலையல்ல. முதலில் கதவு நிலையருகே சுவரின் மொத்தத் தடிப்பை அளந்து பாருங்கள். கல் 4 அங்குலம், இரு பக்கமும் அரை அங்குலப் பூச்சு, டைலும் அதன் ஒட்டுச் சாந்தும் இன்னோர் அரை அங்குலம் என்று வைத்தால் ஐந்தரை வரும். நம் ஊர்க் கல் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். அதனால் ஒரு கல் அகலத்துக்கு மூன்று வரி உயரம் எடுத்தால் 16க்கு 24 அளவில் வாசல் கிடைக்கும். ஒரு வரியில் முழுக் கல்லாக வந்தால் அடுத்த வரியில் இரண்டு அரைக் கல்லாக வரும். அந்த அரைக் கல்லைச் சுத்தியலால் அடிக்காமல் கிரைண்டரால் அறுக்கச் சொல்லுங்கள். சுத்தியலின் அதிர்ச்சிதான் பக்கத்து டைலைக் கழற்றும்.

மேல் வரியில் மட்டும் இருபுறமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டி, 24 அங்குல நீளமும் 3 அங்குலத் தடிப்பும் உள்ள சிறு லின்டல் ஒன்றை ஏற்றிவிடுங்கள். உள்ளே 10 மில்லிமீற்றர்க் கம்பி இரண்டு போதும். ஒரு வாரம் முன்பே நிலத்தில் வார்த்து நீரூற்றி வையுங்கள். அது இடம் பிடித்தபின் அலுமாரிக்கு 21 அங்குல உயரம் மிஞ்சும்.

முதுகுக்கு 6 மில்லிமீற்றர் சீமெந்துப் பலகை. வாசலின் உட்பக்கத்தில் எல் வடிவ அலுமினியக் கோணத்தைத் திருகி, பலகையின் வெளிமுகம் படுக்கையறைப் பக்கக் கல்லின் முகத்தோடு சமமாக நிற்கும்படி பொருத்துங்கள். பிறகு பலகையைச் சுற்றியுள்ள பழைய பூச்சை நாலு அங்குலம் சுரண்டி, பலகையையும் கல்லையும் சேர்த்து மூடும்படி கோழி வலை அடித்துப் பூசுங்கள். வலையில்லாமல் பூசினால் பலகையும் கல்லும் சந்திக்கும் கோட்டிலேயே வெடிக்கும். இப்படிச் செய்தால் டைல் முகத்திலிருந்து பலகை வரை நாலே முக்கால் அங்குல ஆழம் கிடைக்கும். 4 அங்குல உடம்புள்ள அலுமாரி அதில் வசதியாக உட்காரும்.

ஒரு குறை உண்டு. முதுகு மெல்லியது, அதனால் அலுமாரிக் கதவைச் சாத்தும் சத்தம் கட்டில்வரை கேட்கும். கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரில் இருந்தால் நான் மேலேயே மாட்டச் சொல்வேன்.

கல்முனையிலிருந்து: ஓட்டைக் கல் என்றால் உள்ளே வெற்றிடம் இருக்கிறதே, புதைப்பது சுலபம்தானே?

உடைப்பது சுலபம் என்பது சரி. ஆனால் இரு பக்கத்து ஓடும் நடுத் தடுப்பும் சேர்ந்துதான் அந்தக் கல்லுக்குப் பலம். முன் ஓடு போனபின் பின் ஓடு தனியே நிற்பதாக நினைக்காதீர்கள். தட்டிப் பார்த்துக் கூடான சத்தம் வந்தால், வெட்டிய பக்கங்களில் தெரியும் பொந்துகளைக் கொங்கிரீட்டால் அடைத்த பிறகே கோணத்தைத் திருகுங்கள்.

செங்கலடியிலிருந்து ஒரு மேசன்: பல வருடமாக வேலை செய்கிறேன். பொந்தில்லாத முழுக் கல்லில் இரண்டு அங்குலம் கிரைண்டரால் எடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயம் காட்டாதீர்கள்.

உங்கள் கை அனுபவத்தை மறுக்கவில்லை அண்ணன். நல்ல கலவையில் அடித்த முழுக் கல், சின்ன அகலம், மேலே பாரமில்லாத தடுப்புச் சுவர் என்றால் நின்றிருக்கும். ஆனால் குறுக்காக வெட்டும் குழி சுவர்த் தடிப்பில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கட்டடத் துறையில் பழைய விதி. நாலு அங்குலத்தில் அது முக்கால் அங்குலம்கூட இல்லை. கல்லின் தரம் தெரியாத வீட்டுக்கு நான் இரண்டு அங்குலம் சொல்ல மாட்டேன். நீங்கள் நேரில் பார்த்துச் செய்கிறீர்கள், நான் பார்க்காமல் பதில் சொல்கிறேன். அந்த வித்தியாசம் நமக்குள் இருக்கட்டும்.

காத்தான்குடியிலிருந்து: எங்கள் வீட்டுக் கண்ணாடியின் கீழ் ஓரம் கறுத்துவிட்டது. புதைத்தால் கறுக்காதா?

புதைப்பதற்கும் கறுப்பதற்கும் தொடர்பில்லை காக்கா. கண்ணாடியின் கீழ் விளிம்பில் தண்ணீர் தங்கி, பின்பக்கப் பூச்சுக்குள் ஏறி வெள்ளிப் படலத்தைத் தின்கிறது. கடற்கரையில் உப்புக் காற்றும் சேர்ந்தால் இன்னும் வேகம். விளிம்பு அடைக்கப்பட்ட கண்ணாடியாக வாங்குங்கள். அதன் கீழ் விளிம்பு எதன் மேலும் உட்காராமல் சிறிது இடைவெளியோடு நிற்கட்டும். உடம்பு அலுமினியமோ பி.வி.சி.யோ என்றால் நல்லது, அமுக்குத் தூள் பலகை இரண்டு மாரிக்குள் ஊதிவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து: வெளிநாட்டிலிருந்து மகன் 14 அங்குல அகலப் பெட்டி அனுப்பியிருக்கிறான். பக்கவாட்டில்தான் திருகாணி ஓட்டை இருக்கிறது. எப்படி மாட்டுவது?

அது மரச் சட்டச் சுவருக்காகச் செய்தது. அங்கே 16 அங்குலத்துக்கு ஒரு மரச் சட்டம் நிற்கும், நடுவில் பதினாலரை அங்குலம் மிஞ்சும், பெட்டி அதற்குள் போய்ப் பக்கத்து மரத்தில் திருகப்படும். கல்லடித் தங்கச்சிக்குச் சொன்ன வாசல் உங்களுக்கும் பொருந்தும். 16 அங்குல வாசலின் உட்பக்கங்களில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பலகையைக் கறையான் மருந்து பூசிப் பதித்தால் மகன் அனுப்பிய பெட்டி அதில் நேராகத் திருகிக்கொள்ளும். பெட்டியின் உயரம் 21 அங்குலத்தை மீறுகிறதா என்று வெட்டும் முன் அளந்து பாருங்கள்.

ஏறாவூரிலிருந்து: வெளிச்சுவரில் புதைக்கலாமா? அதுவும் நாலு அங்குலம்தான்.

வேண்டாம். மாரியில் வாடைக் காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை அந்த மெல்லிய முதுகில்தான் படும். ஈரம் முதலில் அலுமாரிக்குள் வரும், பிறகு மருந்து அட்டைகளில் பூஞ்சணமாகத் தெரியும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: மேலே மாட்டிய அலுமாரி ஆடுகிறது. றோல் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பிளக் கல்லின் பொந்துக்குள் போய்விட்டது. பெரிய பிளக் போட்டு இறுக்கினால் ஓட்டைதான் பெரிதாகும். கல்லின் நடுவைத் தவிர்த்து, தடுப்போ சாந்துக் கோடோ வரும் இடத்தில் துளையுங்கள். அது அமையாவிட்டால் பொந்துக்குள் விரியும் இறக்கை ஆணி வாங்குங்கள். பாரத்தையும் கணக்குப் பாருங்கள். 4 மில்லிமீற்றர்க் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 10 கிலோ. 18க்கு 24 அங்குலக் கதவு என்றால் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 3 கிலோ வரும், உடம்பும் போத்தல்களும் அதற்கு மேலே. கதவைத் திறக்கும்போது அந்தப் பாரம் முன்னால் இழுக்கும், ஆட்டம் அதனால்தான் முதலில் மேல் ஆணியில் தொடங்குகிறது. திருகாணி 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், கடற்கரைப் பக்கத்துக்கு அதுவே ஏற்றது.

கல்லடிச் சகோதரி மீண்டும்: தலைமாடு அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மேலே மாட்டினால் முகம் கழுவும்போது நெற்றி இடிக்காதா?

ஆறு அங்குலம் நீண்டால் இடிக்கலாம், நாலு அங்குலத்தில் பெரும்பாலும் இடிக்காது, பேசின் அதைவிட வெளியே நிற்கிறது. கடைக்குப் போகும் முன் உங்கள் போத்தல்களை ஒரு வரியாக நிறுத்தி அளந்து பாருங்கள். மூன்று அங்குல உள் ஆழத்தில் அநேகமாக எல்லாம் நிற்கும். நிற்காத பெரிய ஷாம்பூ போத்தல் பேசினுக்குக் கீழே போகட்டும். துளைக்கும் முன் டிரிப் சுவிட்சை இறக்கி, சுவிட்சிலிருந்து நேர் மேலும் கீழும் நேர் குறுக்கும் வயர் போகும் கோட்டை விட்டு விலகிக்கொள்ளுங்கள். பேசின் குழாய் எந்த வழியாக ஏறுகிறது என்று மேசனுக்குத் தெரியாவிட்டால் அந்த உயரத்தில் சிறு துளை ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகு மற்ற மூன்றையும் போடச் சொல்லுங்கள்.