காலி அரங்கில் சொந்த மைதானத்துக்கு எத்தனை புள்ளி?

"இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டங்களுக்கு எலோ ரேட்டிங் போட்டு வருகிறேன். சொந்த மைதானத்துக்கு 100 புள்ளி சேர்க்கிறேன், எங்கோ படித்த எண். 2020-21 சீசனில் என் கணிப்பு மோசமாகத் தவறியது. காலி அரங்கத்துக்கும், இரு அணிக்கும் சொந்தமில்லாத பொது மைதானத்துக்கும் எவ்வளவு வைப்பது? இதே எண்ணை கிரிக்கெட்டுக்கும் போடலாமா?"

எலோ என்பது ஆட்ட முடிவுக்கேற்ப ஏறி இறங்கும் பலப் புள்ளி. நீங்கள் சேர்க்கும் 100 தேசிய அணிகளுக்கான உலகக் கால்பந்து எலோ பட்டியலில் உள்ள எண். அங்கே விருந்தாளி அணி கண்டம் தாண்டி வரும், லா பாஸில் 3,600 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கியபடி ஆடும். லண்டன் கிளப் ஒன்று பக்கத்து லண்டன் கிளப்பின் மைதானத்துக்கு ரயிலில் போய் ஆடுவது வேறு விஷயம். அதனால் எந்த லீகுக்குக் கணிக்கிறீர்களோ, அந்த லீகின் முடிவுகளிலிருந்தே எண்ணை எடுக்க வேண்டும்.

2018-19 சீசனை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 380 ஆட்டம்: உள்ளூர் அணி வென்றது 181, டிரா 71, விருந்தாளி வென்றது 128. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்று கணக்கிட்டால் உள்ளூர் அணிகளின் பங்கு 216.5-ஐ 380-ஆல் வகுத்தது, அதாவது 0.570. ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியையும் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை சந்திப்பதால் அணிகளின் பலம் இதில் பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது. பங்கு p-யை எலோ புள்ளியாக, அதாவது சொந்த மைதானச் சாதகம் H-ஆக மாற்ற:

```
H = 400 * log10(p / (1 - p))
p = 0.570  ->  H ≈ 49
```

இந்த 49 உண்மையைவிடச் சற்றுக் குறைவு. சம பலமுள்ள இரு அணிகள் மோதும்போது 50 எலோ சேர்த்தால் எதிர்பார்ப்பு 50 சதவீதத்திலிருந்து 57-க்கு ஏறும். ஏற்கெனவே 400 புள்ளி முன்னணியில் இருக்கும் அணிக்கு அதே 50-ஐச் சேர்த்தால் 91 சதவீதம் 93 ஆகும், அவ்வளவுதான். மொத்தச் சராசரியில் இந்தச் சப்பையான ஆட்டங்களும் கலந்துவிடுவதால் சாதகம் சிறுத்துத் தெரிகிறது. இதைத் தவிர்க்க, ரேட்டிங் வித்தியாசத்தை உள்ளே வைத்து, H-ஐ 0 முதல் 120 வரை ஐந்தைந்தாக மாற்றி, எந்த மதிப்பில் கணிப்புப் பிழையை அளக்கும் லாக்-லாஸ் மிகக் குறைகிறது என்று பாருங்கள். பிரீமியர் லீக் போல மேலும் கீழும் பெரிய இடைவெளி உள்ள லீகில் 49 என்பது ஏறக்குறைய 60 ஆகும். சுருக்கமாகச் செய்வதென்றால் 1.2-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது இந்த எண்ணில் உள்ள பிழை. ஓர் ஆட்ட முடிவின் திட்டவிலக்கம் சுமார் 0.445. அதை 380-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.023, எலோவில் 16 புள்ளி. அதாவது ஒரு சீசனை மட்டும் வைத்துச் சொல்லும் எந்த எண்ணுக்கும் இருபுறமும் 32 புள்ளி தள்ளாட்டம் உண்டு. 2021-22-இல் உள்ளூர் வெற்றி 163, டிரா 88, எலோவில் 31. ரசிகர்கள் திரும்பிய பிறகும் சாதகம் குறைந்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, 49-உம் 31-உம் ஒரே உண்மையிலிருந்து சாதாரணமாகவே வரக்கூடியவை. ஐந்தாறு சீசனையாவது சேர்த்துப் பொருத்துங்கள். மிகப் பழைய சீசன்களைச் சேர்க்க வேண்டாம், ஏனெனில் சாதகம் பல பத்தாண்டுகளாகத் தேய்ந்து வருகிறது. மொத்த கோல் சமமானால் வெளிமைதானத்தில் அதிக கோல் அடித்த அணியை முன்னேற்றும் விதியை 2021-இல் நீக்கியபோது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ காட்டிய காரணமே இதுதான்: 1970-களின் நடுவில் 61 சதவீதமாக இருந்த உள்ளூர் வெற்றி 47-ஆக இறங்கியிருந்தது.

இனி 2020-21. உள்ளூர் வெற்றி 144, டிரா 83, விருந்தாளி வெற்றி 153. பங்கு 0.488, எலோவில் கழித்தல் 8. உங்கள் மாடல் 100 சேர்த்துக்கொண்டிருந்த சீசனில் சாதகம் பூஜ்யத்துக்கும் கீழே போனது, கணிப்பு தவறியதில் வியப்பில்லை. ஆனால் பலர் இங்கே அவசரப்பட்டு, காலி அரங்கம் என்றால் H = 0 என்று எழுதிவிடுகிறார்கள். கழித்தல் 8-க்கும் அதே 16 புள்ளித் திட்டப்பிழை உண்டு. ஐரோப்பிய லீகுகள் பலவற்றைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் கண்டது சாதகம் ஏறக்குறைய பாதியானது என்பதுதான். லீகுக்கு லீக் வேறுபாடும் பெரிது.

இரண்டையும் சேர்க்க ஒரு வழி உண்டு. முன்மதிப்பீடு 25, அதாவது 50-இல் பாதி. லீகுகளுக்கிடையிலான வேறுபாட்டுக்காக அதற்கு 12 புள்ளித் திட்டவிலக்கம் கொடுக்கிறேன், இந்த 12 என் தீர்ப்பு. தரவு சொல்வது கழித்தல் 8, பிழை 16. எடை என்பது பிழை வர்க்கத்தின் தலைகீழ் என்பதால் தரவுக்கு 0.36, முன்மதிப்பீட்டுக்கு 0.64 கிடைக்கும். விடை 13. மேலே சொன்ன 1.2-ஆல் பெருக்கினால் 15 அல்லது 16. ஆக, நிறைந்த அரங்கத்தின் 60-இல் 15 மைதானப் பழக்கமும் பயணமும் தருவது, 45 கூட்டம் தருவது என்று பிரித்துக்கொள்ளலாம்:

```python
adj = 15 * (fam_home - fam_away) + 45 * crowd
E = 1 / (1 + 10 ** (-(R_home - R_away + adj) / 400))
```

`R_home`, `R_away` இரு அணிகளின் ரேட்டிங், `E` என்பது `home` அணிக்கு எதிர்பார்க்கும் பங்கு. `fam` என்பது அந்த மைதானம் அணிக்கு எவ்வளவு பழக்கம் என்பதற்கு 0 முதல் 1 வரை. `crowd` என்பது கூட்டம் யார் பக்கம் என்பது: முழுக்க உள்ளூர் என்றால் 1, காலி என்றால் அல்லது சரிபாதி என்றால் 0, எதிரணி பக்கம் என்றால் எதிர்மதிப்பு. பட்டியலில் முதலில் எழுதப்பட்ட அணியைத்தான் `home` என்கிறேன்.

காலி ஆட்டங்களைச் சீசன் பெயரால் பிரிக்காதீர்கள். பிரீமியர் லீக் 2020 ஜூன் 17-இல் மீண்டும் தொடங்கியபின் நடந்த 92 ஆட்டங்கள் 2019-20 சீசனில்தான் இருக்கின்றன. மறுபுறம், 2020 டிசம்பரில் சில மைதானங்களில் 2,000 பேர் வரை அனுமதிக்கப்பட்டனர், 2021 மே மாதம் கடைசிச் சுற்றுகளில் 10,000 பேர் வரை. தேதியையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் வைத்து ஆட்டத்துக்கு ஆட்டம் `crowd` மதிப்பு கொடுங்கள். 2,000 பேரை 0 என்றே வைத்தாலும் பாதகமில்லை.

பொது மைதானத்தில் சிக்கல் பெரும்பாலும் தரவுத்தாளில்தான். 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சாம்பியன்ஸ் லீகில் லைப்சிக் - லிவர்பூல் மோதிய இரண்டு ஆட்டங்களும் புடாபெஸ்டில் காலி அரங்கில் நடந்தன. தாளில் ஒன்று லைப்சிக்கின் சொந்த ஆட்டம், மற்றொன்று லிவர்பூலின் சொந்த ஆட்டம். உண்மையில் இரண்டுக்கும் `adj` பூஜ்யம். லிவர்பூல் இரண்டையும் 2-0 என்று வென்றது. தாளை நம்பியிருந்தால் முதல் வெற்றிக்கு அளவுக்கு மீறி ரேட்டிங் ஏற்றி, இரண்டாவதற்குக் குறைத்து ஏற்றியிருப்பீர்கள். இதற்கு நேர் எதிர் பொறி ஐரோப்பியக் கோப்பை: 2021 ஜூலை 11-இல் வெம்ப்ளியில் இங்கிலாந்து இத்தாலியோடு ஆடிய இறுதிப்போட்டியை, போட்டித்தொடர் என்பதால் பொது மைதானம் என்று குறித்துவிடக் கூடாது. எனவே மைதானத்தின் ஊரையும் அணியின் ஊரையும் ஒப்பிடும் ஒரு நெடுவரிசை கட்டாயம் தேவை.

இடைப்பட்ட நிலையும் உண்டு. 2017-18-இல் டாட்டன்ஹம் தன் புது அரங்கம் கட்டப்பட்டுவந்ததால் வெம்ப்ளியில் ஆடியது: 13 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி. அதற்கு முந்தைய ஆண்டு பழைய வைட் ஹார்ட் லேனில் 17 வெற்றி, 2 டிரா. வெம்ப்ளி ராசியில்லை என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. பங்கில் 0.16 சரிவுதான், ஆனால் 19 ஆட்டங்களுக்கு அதன் பிழை 0.085 அளவில் வரும், முந்தைய ஆண்டோ தோல்வியே இல்லாத விதிவிலக்கான ஆண்டு. கூட்டம் அவர்களுடையது, மைதானம்தான் புதிது. `crowd` 1, `fam` 0.5-இல் தொடங்கி சீசன் முடிவில் 1 என்று வைப்பது நியாயமாக இருக்கும்.

வைத்த எண்கள் சரியா என்று அறிய, ஆட்டங்களை நிறைந்த அரங்கம், காலி அரங்கம், பொது மைதானம் என்று மூன்று குவியலாக்கி, ஒவ்வொன்றிலும் கிடைத்த பங்கிலிருந்து எதிர்பார்த்த பங்கைக் கழித்துச் சராசரி எடுங்கள். 380 ஆட்டங்களில் அது 0.045-க்குள், 92 ஆட்டங்களில் 0.09-க்குள் நின்றால் H-ஐத் தொடாதீர்கள். பொது மைதானக் குவியலில் மட்டும் முதலில் எழுதிய அணிக்குத் தொடர்ந்து எதிர்மதிப்பு வந்தால், எங்கோ இன்னும் சொந்த மைதானப் புள்ளி சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மற்ற விளையாட்டுகளுக்கு இந்த 60-ஐத் தூக்கிப் போட முடியாது. ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் தன் எலோ மாடல்களில் என்பிஏ கூடைப்பந்துக்கு 100, மேஜர் லீக் பேஸ்பாலுக்கு 24 வைத்திருந்தது: சம அணிகளுக்கு 64 சதவீதம், 53 சதவீதம். கூடைப்பந்தில் ஒவ்வோர் அணிக்கும் நூறு முறை அளவில் பந்து கிடைப்பதால் சிறு சாதகமும் சேர்ந்து பெரிதாகிறது. ஒற்றை பேஸ்பால் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம்.

டெஸ்ட் கிரிக்கெட்டில் பிரிப்பே மாறும். சாதகத்தின் பெரும்பகுதி ஆடுகளத் தயாரிப்பில் இருக்கிறது, கூட்டம் வராவிட்டாலும் அது போகாது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பார்வையாளர் இல்லாத முதல் டெஸ்டில் இங்கிலாந்து 227 ரன்னில் வென்றது. அடுத்த டெஸ்டுக்குப் பாதி இருக்கைகள் திறக்கப்பட்டன, இந்தியா 317 ரன்னில் வென்றது. கூட்டத்தின் வேலை என்று இதைக் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் இரண்டாவது டெஸ்ட் வேறொரு பிட்சில் நடந்தது, முதல் நாளிலிருந்தே பந்து திரும்பியது. இரண்டு ஆட்டத்திலிருந்து எந்த எண்ணையும் எடுக்க முடியாது என்பது அதற்கும் மேல். டெஸ்டுக்கு மைதானப் பகுதியைப் பெரிதாகவும் கூட்டப் பகுதியைச் சிறிதாகவும் வைத்துத் தொடங்குங்கள், டிராவைத் தனியாகக் கையாளுங்கள்.

ஐபிஎல்லில் 2020 முழுவதும் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்ததால் எல்லா ஆட்டத்துக்கும் பூஜ்யம். 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னையின் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது மஞ்சள் சட்டைக் கூட்டமும் ரயிலேறிப் போனது, அந்த ஆறு ஆட்டங்களுக்கு `crowd` 0.7, `fam` 0 என்பேன். 2022 லீக் சுற்று மும்பையிலும் புனேவிலும் நடந்தது. வான்கடேயில் ஆடும்போது மட்டும் மும்பை இந்தியன்ஸுக்கு `fam` 1 கொடுங்கள். அந்த ஆண்டு அவர்கள் கடைசி இடத்தில் முடித்தார்கள் என்பதற்காக அதைக் குறைக்க வேண்டாம், அந்தச் சரிவை அணியின் ரேட்டிங்கே ஏற்றுக்கொள்ளும்.